யாகுசா வரிசையில் எதிலிருந்து தொடங்குவது?

ஸ்டீமில் சேகாவின் யாகுசா கேம்கள் தள்ளுபடிக்கு வரும்போதெல்லாம் நண்பர்களிடமிருந்து ஒரே கேள்விதான் வரும்: "இதுல எதை முதல்ல வாங்குறது?" தேடிப் பார்த்தால் ஒரு டஜனுக்கு மேல் வந்து நிற்கும். 0 என்று ஒன்று இருக்கும். கிவாமி, கிவாமி 2 என்று இரண்டு. 3, 4, 5 ரீமாஸ்டர்கள், அப்புறம் 6. ஏழாவது எங்கே என்று தேடினால் அந்த எண்ணே இருக்காது. முதல் பாகம் என்று வெறுமனே எழுதிய ஒன்றும் கண்ணில் படாது.

இந்தக் குழப்பத்துக்குக் காரணம் வியாபாரப் பெயர்கள்தான். முதல் கேம் 2005 டிசம்பரில் ஜப்பானில் பிளேஸ்டேஷன் 2-க்கு வந்தது. ஜப்பானில் அன்றிலிருந்து இன்றுவரை வரிசைக்கு ஒரே பெயர். வெளிநாட்டில் மட்டும் அதை யாகுசா என்று விற்றார்கள், 2022-இல் அதையும் கைவிட்டு லைக் எ டிராகன் என்று மாற்றினார்கள். மாற்றத்துக்கு முன்பே வந்துவிட்ட ஏழாம் பாகத்துக்கு யாகுசா: லைக் எ டிராகன் என்று இரண்டு பெயரும் ஒட்டிக்கொண்டன. எட்டாவதன் பெயர் லைக் எ டிராகன்: இன்ஃபினிட் வெல்த். கிவாமி என்று வருபவை ரீமேக்குகள். முதல் கிவாமி 2005 கேமின் ரீமேக், கிவாமி 2 அடுத்த பாகத்தினுடையது. 0 மட்டும் 2015-இல் ஜப்பானில் வெளியான முன்கதை. வெளிவந்த வரிசையில் நடுவில் வந்தாலும் கதைக்காலப்படி அதுதான் எல்லாவற்றுக்கும் முந்தையது.

இத்தனையிலும் தொடங்கத் தகுந்தவை என்று உண்மையிலேயே பரிசீலிக்க வேண்டியவை நான்குதான்: 0, கிவாமி, ஏழாவது, அப்புறம் ஜட்ஜ்மென்ட் என்கிற கிளைக் கேம். மற்றவற்றை இங்கேயே ஒதுக்கிவிடலாம். நடுவில் உள்ள 3, 4, 5, 6 எல்லாம் முந்தையவற்றின் மேல் கட்டியவை. கைடென் என்ற சிறிய கேம், 6-க்கும் 8-க்கும் இடையில் கதாநாயகன் என்ன செய்துகொண்டிருந்தான் என்று சொல்லும் இணைப்புக்கதை, அவனையே தெரியாதவருக்கு அது எதற்கு? இஷின் 1860-களின் ஜப்பானில் நடக்கிறது. சகாமோட்டோ ரியோமா போன்ற சரித்திர மனிதர்களுக்கு இந்த வரிசையின் பாத்திரங்களின் முகங்களை மாட்டிவிட்டிருக்கிறார்கள். அந்த முகங்களை ஏற்கெனவே தெரிந்திருந்தால்தான் பாதி ரசனை. ஹவாய்க் கடற்கொள்ளையர் கேமும் அப்படியே, மஜிமா என்ற பாத்திரத்தை முன்பே தெரிந்தவர்களுக்காகச் செய்தது.

0-வா, கிவாமியா

உண்மையான விவாதம் இங்கேதான். பழைய ரசிகர்களில் ஒரு சாரார் வெளிவந்த வரிசையில்தான் ஆட வேண்டும் என்பார்கள், அதாவது கிவாமி முதலில். அவர்கள் வாதம் சுலபமாகத் தள்ளிவிடக்கூடியதல்ல, அதனால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

இந்த வரிசையில் மஜிமா கோரோ என்று ஒருவன் இருக்கிறான். ஒற்றைக் கண்ணில் மறைப்பு, பாம்புத்தோல் கோட்டு, கையில் கத்தி. 2005-இல் ஆடியவர்களுக்கு அவன் எப்போது எங்கே பாய்வான் என்று தெரியாத பைத்தியக்காரன். அவன் ஏன் இப்படி என்று யாரும் விளக்கவில்லை. பத்து வருஷம் கழித்து 0 வந்தபோதுதான் அவன் ஒரு காலத்தில் எப்படி இருந்தான் என்பதைப் பார்த்தார்கள். அந்தத் திகைப்பு வேண்டுமானால் முதலில் பைத்தியக்காரனைத்தான் சந்திக்க வேண்டும். 0-வை முதலில் ஆடினால் விடை தெரிந்த பிறகு கேள்வியைப் படிப்பது மாதிரி ஆகிவிடும் என்பது அவர்கள் கட்சி.

இது 2005 கேமுக்குப் பொருந்தும். இன்று நீங்கள் வாங்கப்போவது அதை அல்ல, 2016-இல் ஜப்பானில் வெளியான ரீமேக்கை. 0-வைச் செய்து முடித்த கையோடு, அதே இன்ஜினில், 0-வை ஆடியவர்களை மனதில் வைத்துச் செய்தது அது. இந்த ஒரு விஷயம் வாதத்தையே திருப்பிவிடுகிறது.

கதையை எடுத்துக்கொள்வோம். கிவாமி 1995-இல் தொடங்குகிறது. கசுமா கிரியூவும் நிஷிகியாமாவும் ஒரே அநாதை இல்லத்தில் வளர்ந்தவர்கள், டோஜோ என்ற யாகுசா குண்டர் குழுவில் சேர்ந்தே சேர்ந்தவர்கள். தங்கள் தலைவன் டோஜிமா, இருவரும் நேசிக்கும் யூமியைத் தூக்கிக்கொண்டு போக, நிஷிகியாமா அவனைச் சுட்டுக் கொல்கிறான். கிரியூ பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டு பத்து வருஷம் சிறைக்குப் போகிறான். திரும்பி வரும்போது நிஷிகியாமா வேறு ஆளாகியிருக்கிறான். இதெல்லாம் ஆரம்பத்திலேயே வந்துவிடுவதால் சொல்வதில் தப்பில்லை. மிச்சக் கதை முழுவதும் அந்த நட்பு முறிந்த வலியின் மேல்தான் நிற்கிறது. ஆனால் அந்த நட்பைக் காட்ட கிவாமி ஒதுக்கும் நேரம் மிகச் சொற்பம். இருவரும் பாரில் உட்கார்ந்து பேசுகிறார்கள், மழை பெய்கிறது, துப்பாக்கி வெடிக்கிறது. "சரி, நெருங்கிய நண்பர்கள் போல" என்று நீங்களாக ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான்.

ரீமேக் செய்தவர்களுக்கும் இந்தக் குறை தெரிந்திருக்கிறது. அத்தியாயங்களுக்கு நடுவே, கிரியூ சிறையிலிருந்த வருஷங்களில் நிஷிகியாமா எப்படிப் படிப்படியாக மாறினான் என்று புதிய காட்சிகளைச் சேர்த்தார்கள். நல்ல காட்சிகள்தான். ஆனால் அவை சரிவை மட்டுமே காட்டுகின்றன. எந்த உயரத்திலிருந்து சரிந்தான் என்பது 0-வில் இருக்கிறது. அது 1988 டிசம்பர், இருவருக்கும் இருபது வயது. குழுவே கிரியூவை வேட்டையாடும் நேரத்தில் நிஷிகி என்ன செய்கிறான் என்பதற்கு அங்கே ஒரு முழு அத்தியாயம் உண்டு. அதை நான் சொல்லப்போவதில்லை. அதைப் பார்த்துவிட்டு கிவாமிக்குப் போனவருக்கு அந்தப் பாரில் நடக்கும் பேச்சே வேறு மாதிரி கேட்கும்.

சின்ன விஷயங்களிலும் இதுவேதான். 0-வில் பேட்டரிக் கார் பந்தய மைதானம் ஒன்று உண்டு, பாக்கெட் சர்க்யூட் என்று பெயர். அங்கே பொடியன்களை உசுப்பேற்றிக்கொண்டு ஆரவாரமாக ஒருவர் நிற்பார். கிவாமியில் அதே மைதானத்துக்குப் போனால் அதே மனிதர், பதினேழு வயது கூடியவராக. கிவாமியை முதலில் ஆடினால் அவர் யாரோ ஒரு நடத்துனர், கடந்து போய்விடுவீர்கள்.

ஆட்டமுறையிலும் கிவாமி புதியவரிடம் கொஞ்சம் முரட்டுத்தனம்தான். கிரியூவின் நான்கு சண்டைமுறைகளில் பெயர்பெற்ற டிராகன் முறை ஏறக்குறைய வெறுமையாகத்தான் தொடங்கும். அதை மீட்க மஜிமாவோடு திரும்பத் திரும்பச் சண்டை போட வேண்டும். அவன் தெருவில் எங்கிருந்தும் வருவான். ராட்சத டிராஃபிக் கோனுக்கு அடியிலிருந்து எழுவான், குப்பைத்தொட்டிக்குள்ளிருந்து குதிப்பான், போலீஸ் உடுப்பில் வந்து மடக்குவான். மஜிமாவை 0-வில் நேசிக்கத் தொடங்கியவருக்கு இது கொண்டாட்டம். தெரியாதவருக்கு, மருந்துக்கடைக்குப் போய்க்கொண்டிருக்கும்போது ஒருவன் வந்து அடித்துக்கொண்டே இருக்கிறான், அவ்வளவுதான்.

இன்னொன்று பாஸ் சண்டைகள். எதிரி நடுவில் நின்று, உடலைச் சுற்றி நிறம் ஒளிர, இழந்த பலத்தை மீட்டுக்கொள்ளத் தொடங்குவான். அந்த நிறத்துக்குரிய சண்டைமுறைக்கு மாறி, அதற்கென்று கற்ற அடியைக் கொடுத்தால்தான் நிறுத்த முடியும். அந்த அடியைக் கற்காமல் வந்திருந்தால் நீங்கள் பாதியாக்கிய பலக்கோடு கண் முன்னாலேயே திரும்ப ஏறும். சண்டை ஏன் முடியவே மாட்டேன் என்கிறது என்று நினைத்தால் பெரும்பாலும் இதுதான் காரணம். 0-வில் மூன்று முறைகளை மாற்றி மாற்றி அடித்துப் பழகி வந்தவர் இதைத் தாண்டிவிடுவார்.

கிவாமிக்கு இருக்கும் ஒரே நிஜமான அனுகூலம் நீளம். முதன்மைக் கதையை மட்டும் துரத்தினால் இருபது மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். 0-வுக்கு முப்பதாவது ஆகும். ஆனால் நேரமில்லை என்பதற்காக இந்த வரிசையில் கிவாமியைத் தேர்ந்தெடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. நேரமில்லாதவருக்குக் கீழே வேறு வழி சொல்கிறேன்.

0-வில் எங்கே சறுக்கும்

0-தான் என் சிபாரிசு என்பது இந்நேரம் புரிந்திருக்கும். ஆனால் அதை வாங்கிவிட்டு "போர் அடிக்குது" என்று நிறுத்தியவர்கள் நிறையப் பேர், அவர்கள் நிறுத்திய இடமும் ஏறக்குறைய ஒன்றுதான்.

ஸ்டீமில் வாங்கிய பதினான்கு நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். அதனால் பலர் முதல் இரண்டு மணி நேரத்தை வைத்து முடிவெடுக்கிறார்கள். 0-வுக்கு இது மிக மோசமான அளவுகோல். அந்த நேரத்தில் பாதிக்கு மேல் உரையாடல்தான்: வட்டிப் பணம் வசூலிப்பது, குடிப்பது, கரோக்கே பாடுவது, பிறகு கொலைப்பழி. கமுரோச்சோ என்ற அந்தப் பேட்டை, டோக்கியோவின் ஷின்ஜுகுவில் உள்ள கபுகிச்சோவைப் பார்த்துச் செய்தது. அதில் சுதந்திரமாகச் சுற்ற விடுவதற்கே நேரம் பிடிக்கும். மூலப் பதிப்பில் எல்லாம் ஜப்பானியக் குரல், அடியில் ஆங்கில வரிகள். வாசிக்கப் பொறுமை வேண்டும்.

நான் சொல்லும் அளவுகோல் மூன்றாம் அத்தியாயம். முதல் இரண்டும் கிரியூவினுடையவை. மூன்றாவதில் கேம் திடீரென ஒசாகாவுக்குத் தாவுகிறது. டோட்டோன்போரியைப் பார்த்துச் செய்த சோட்டென்போரி, அங்கே கிராண்ட் என்ற ஆடம்பர கேபரே. குடித்துவிட்டு ஒரு வாடிக்கையாளர் பெண்களிடம் அத்துமீறுகிறார், கூடம் முழுக்கப் பதற்றம். அப்போது கருப்பு கோட்டும் போ-டையும் கட்டிய மேலாளர் இறங்கி வருகிறார். குரலை உயர்த்தவில்லை. அந்த ஆள் வீசும் குத்துகளையெல்லாம் விலகியே சமாளிக்கிறார், திருப்பி ஒரு அடிகூட அடிக்கவில்லை. வாடிக்கையாளருக்கு மரியாதை குறையாத பேச்சு, ஆனால் அவமானம் முழுக்க அந்த ஆளுக்குத்தான். கூடம் எழுந்து கைதட்டுகிறது. அந்த மேலாளர்தான் மஜிமா. கொஞ்ச நேரத்தில், இத்தனை பளபளப்புக்கும் நடுவே அவன் அந்த ஊரைவிட்டு வெளியே போக முடியாத கைதி என்பது தெரிய வரும். இந்த அத்தியாயம் முடிந்தும் உங்களுக்குள் ஒன்றும் அசையவில்லை என்றால் இந்த வரிசை உங்களுக்கானதல்ல. தாராளமாக நிறுத்திவிடலாம்.

அதற்குள் ஆடுபவரைக் கடுப்பேற்றும் இரண்டு விஷயங்களை மட்டும் முன்கூட்டியே தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, 0-விலும் கிவாமியிலும் நினைத்த இடத்தில் சேமிக்க முடியாது. தொலைபேசிக் கூண்டைத் தேடிப் போக வேண்டும், அல்லது அத்தியாயத்தின் குறிப்பிட்ட கட்டங்களில் கேமே கேட்கும். நீண்ட காட்சி, அதைத் தொடர்ந்து சண்டை, மறுபடி காட்சி என்று வரும் இடங்களில் நடுவே கரண்ட் போனால் எல்லாம் மறுபடியும்தான். யூபிஎஸ் இல்லாத டெஸ்க்டாப்பில் ஆடுபவர்கள் கூண்டைக் கண்டால் விடாதீர்கள். கிவாமி 2 முதல் இந்தத் தொல்லை கிடையாது.

இன்னொன்று பணம். 0-வில் திறமைகளை வாங்குவது அனுபவப் புள்ளிகளால் அல்ல, ரொக்கத்தால். ஜப்பானின் குமிழிப் பொருளாதாரக் காலம் என்பதால் எதிரியை உதைத்தால் நோட்டுகள் பறக்கும். தெருவில் ஷேக்டவுன் என்று பெயர் போட்டு மலைபோல ஒருவன் நடந்துகொண்டிருப்பான். ஆரம்பத்தில் அவனிடம் தோற்றால் கையிலிருக்கும் பணம் மொத்தமும் போய்விடும். பிற்பாடு அவனை வீழ்த்தினால் திரும்ப வரும், ஆனால் அதற்கு வெகுநேரம் ஆகும். அதனால் கையில் பணத்தைச் சேர்த்துவைக்காமல் உடனுக்குடன் திறமைகளில் போட்டுவிடுங்கள். அவன் தெருமுனையில் தெரிந்தால் வேறு சந்தில் திரும்புங்கள்.

டிவி ஹாலில் இருக்கும் வீட்டுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. 0-வில் டெலிபோன் கிளப், வீடியோ கடை என்று சில விருப்ப இடங்கள் உண்டு. கதைக்கு அவை தேவையே இல்லை. அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருக்கும்போது ஆர்வக் கோளாறில் உள்ளே போய்விடாதீர்கள்.

கணினி வலுவில்லாதவர்களுக்கும் 0-தான் கைகொடுக்கும். அதுவும் கிவாமியும் பழைய இன்ஜினில் ஓடுபவை, சில வருஷத்துக்கு முந்தைய சுமாரான கிராஃபிக்ஸ் அட்டையிலேயே நன்றாக ஓடும். 6, கிவாமி 2, ஏழாவது, ஜட்ஜ்மென்ட் எல்லாம் டிராகன் இன்ஜின் என்ற அடுத்த தலைமுறை, அவை கேட்கும் பலம் வேறு.

ஏழாவதைப் பிடித்து ஏறலாமா

ஏழாம் பாகம் ஜப்பானில் 2020 ஜனவரியிலும் மற்ற நாடுகளில் அதே ஆண்டு நவம்பரிலும் வந்தது. புது நாயகன் இச்சிபான் கசுகா, புது ஊர் யோகோஹாமா. அடிதடி போய் முறைவைத்து அடிக்கும் சண்டை வந்தது. அதற்குக் கதைக்குள்ளேயே ஒரு காரணமும் வைத்திருக்கிறார்கள். இச்சிபான் சிறுவயதிலிருந்தே டிராகன் குவெஸ்ட் பைத்தியம். அதனால் தெருச்சண்டையும் அவன் கண்ணுக்கு வீரர் கூட்டமும் அரக்கர்களுமாகத்தான் தெரிகிறது. 2001-இல் குழுவுக்காகப் பழியேற்று உள்ளே போய் 18 வருஷம் கழித்து வருகிறான், வாசலில் அழைத்துப் போக ஒருவரும் இல்லை. வீடற்றவர்களின் கூடாரத்தில்தான் அவன் இரண்டாம் வாழ்க்கை ஆரம்பிக்கிறது. கூட்டாளிகளாக ஒரு முன்னாள் நர்ஸ், வேலை போன போலீஸ்காரர், பார் நடத்தும் பெண். நாற்பதைத் தொட்டவர்களும் தாண்டியவர்களும் சேர்ந்த ஒரு கேம் குழு எனக்குத் தெரிந்து வேறெங்கும் இவ்வளவு நன்றாக அமைந்ததில்லை.

நேரமில்லாதவர்களுக்கு வழி என்று சொன்னேனே, அது இதுதான். நீளத்தில் குறைந்ததல்ல, 0-வைவிடக் கணிசமாகப் பெரியது. ஆனால் எங்கே வேண்டுமானாலும் சேமித்துவிட்டு எழுந்துபோகலாம், விரல் வேகம் தேவையில்லை, ஆங்கிலக் குரலும் உண்டு. முக்கியமாக, இதை மட்டும் ஆடிவிட்டு நிறுத்தினாலும் ஒரு முழுக் கதை ஆடிய திருப்தி இருக்கும்.

என் சித்தி மகன் அப்படித்தான் ஆரம்பித்தான். பெர்சோனா 5-ஐ முடித்தவன், கம்போ அடிப்பது அவனுக்கு அறவே பிடிக்காது, ஷிஃப்ட் வேலை முடிந்து வந்து படுப்பதற்கு முன் கொஞ்ச நேரம்தான் ஆடுவான். கையில் பிளேஸ்டேஷன் 4 இருந்தது. 0-வைக் கொடுத்தால் முதல் வாரத்திலேயே விட்டுவிடுவான் என்று எனக்குத் தெரியும், அதனால் ஏழாவதையே சொன்னேன். ஆரம்பத்தில் வேலைவாய்ப்பு அலுவலகம் வரும்வரை மெதுவாகத்தான் போகும் என்றும் சொல்லிவைத்தேன். அங்கே போனபிறகுதான் கூட்டாளிகளின் தொழிலை மாற்றி மாற்றிப் புதிய அடிகளைக் கற்க முடியும், சண்டையில் சுவையே அப்போதுதான் வரும். அவன் வேகமாகவே போய்க்கொண்டிருந்தான். பன்னிரண்டாம் அத்தியாயத்தில் போன் வந்தது.

"அண்ணா, யாருண்ணா இந்த ரெண்டு பெருசுங்க? ஒரே அடியில மொத்தப் பேரையும் சாய்க்குறாங்க."

அந்த இரண்டு பேர் யார் என்பது பழைய ரசிகர்கள் நாற்காலியிலிருந்து எழுந்து நிற்கும் தருணம். வரிசையை முதலிலிருந்து ஆடியவர் அந்தச் சண்டையில் தோற்றாலும் சந்தோஷமாகத் தோற்பார். அவனுக்கு அது வெறும் முட்டுக்கட்டை. ஏழாவதில் தொடங்குவதன் விலை இதுதான், அந்த ஒரு காட்சியில் அப்பட்டமாகத் தெரியும். இதுபோக, 6-ஆம் பாகம் எப்படி முடிந்தது என்பதும், டோஜோ, ஓமி என்ற இரண்டு பெரும் குழுக்களின் கதி என்ன என்பதும் ஏழாவதில் உடைந்துவிடும். பின்னால் திரும்பிப் போய் ஆடும்போது தெரிந்த முடிவை நோக்கித்தான் நடந்துகொண்டிருப்பீர்கள்.

அந்தச் சண்டைக்குத் தீர்வு சுலபம். அங்கே போகும் முன் சோட்டென்போரியில் ஒரு போட்டி அரங்கம் திறக்கும், கேமே அதைச் சுட்டிக்காட்டும். அதில் சில சுற்றுகள் ஆடி லெவல் ஏற்றிக்கொண்டு போக வேண்டும். அதுவரை ஓட்டமாக வந்தவர்கள்தான் இங்கே மாட்டுவார்கள். இன்னொரு விதியையும் மறக்கக் கூடாது: மற்ற மூன்று பேரும் நின்றுகொண்டிருந்தாலும் இச்சிபான் விழுந்தால் ஆட்டம் முடிந்தது. கடைசி உயிர்மருந்தை வேறு யாருக்கும் கொடுக்காதீர்கள்.

இதற்குப் பிறகு நேரே எட்டுக்குப் போவதுதான் எல்லோருக்கும் தோன்றும். நான் தடுப்பேன். எட்டில் கிரியூவும் இச்சிபானுக்குச் சமமான நாயகன். அவன் பங்கில் பெரும்பகுதி, பழைய இடங்களுக்குப் போய் பழைய மனிதர்களையும் நிகழ்வுகளையும் நினைத்துப் பார்ப்பது. முந்தையவற்றை ஆடாதவருக்கு அது முன்பின் தெரியாத வீட்டின் கல்யாண ஆல்பத்தைப் புரட்டுவது போலத்தான். என் தம்பியிடம் எட்டைத் தள்ளிவைத்து 0-வை ஆடச் சொன்னேன். ஏழாவது வழியாக உலகம் பிடித்துப்போன பிறகு அவன் அந்த மெதுவான முதல் இரண்டு அத்தியாயங்களைப் பொறுத்துக்கொண்டான். சண்டைக்கு எளிய நிலையைத் தேர்ந்தெடுத்துக்கொண்டான், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கிராண்ட் காட்சியைப் பார்த்துவிட்டு அவன் அனுப்பிய செய்தி: "அந்தப் பெருசா இவரு?"

ஆக ஏழாவதில் தொடங்குவது தப்பான வழி அல்ல, செலவுள்ள வழி. முறைவைத்து ஆடும் சண்டைதான் பிடிக்கும் என்பவர் அந்தச் செலவைச் செய்யலாம். மற்றவர்கள் செய்ய வேண்டிய அவசியமில்லை.

ஜட்ஜ்மென்ட்

இதைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால் போதும். அதே கமுரோச்சோ, ஆனால் நாயகன் தகாயுகி யாகமி, வக்கீல் தொழிலை விட்டுவிட்டுத் துப்பறிபவன். முகமும் குரலும் ஜப்பானிய நட்சத்திரம் கிமுரா டாகுயாவுடையவை. கதை தனித்து நிற்பது, டோஜோ குழுவைப் பற்றி ஒன்றும் தெரியாமல் ஆடலாம். ஒரு கொலை வழக்கிலிருந்து படிப்படியாக விரியும் விதத்தில் சொல்வதானால், தனிக்கதை என்ற அளவில் இந்த ஸ்டூடியோவின் மிகச் சிறந்தவற்றில் ஒன்று. சலிப்பூட்டுவது ஒன்றுதான்: ஆட்களைப் பின்தொடரும் பகுதிகள். தூரம் விட்டு, மறைந்து மறைந்து, திரும்பத் திரும்ப.

துப்பறியும் கதை பிடிக்கும், நீண்ட வரிசையில் மாட்டிக்கொள்ள விருப்பமில்லை என்பவருக்கு இது ஒன்றே போதும். ஆனால் வரிசைக்குள் நுழைவதற்கு இதை வாசலாக எடுத்தால் ஒரு சங்கடம் உண்டு. இதில் சண்டையும் நடையும் டிராகன் இன்ஜினில் வழவழப்பாக இருக்கும், இங்கிருந்து 0-வுக்குப் போனால் எல்லாம் கட்டையாகத் தோன்றும்.

0-வுக்கு அடுத்து

இப்படிப் பின்னோக்கிப் போகும் சங்கடம் நேர்வழியில் வருபவர்களையும் ஓரிடத்தில் பிடிக்கும். தொடங்கும்போதே அதைத் தெரிந்துகொள்வது நல்லது. 0, கிவாமி, கிவாமி 2 என்று போனால் ஒவ்வொன்றும் பார்க்க முந்தையதற்குச் சமமாகவோ மேலாகவோ இருக்கும். கிவாமி 2-இல் மஜிமாவுக்கென்று தனியாகச் சில குறும் அத்தியாயங்களும் உண்டு. 0-வின் கதையில் விட்டுப்போன ஒரு நூலை அவை எடுத்து முடிக்கின்றன. 0 முடித்தவர்களுக்கு அந்தப் பகுதிக்காகவே அதை வாங்கலாம்.

அதற்கடுத்த 3, 2009-இல் பிளேஸ்டேஷன் 3-க்கு வந்ததன் ரீமாஸ்டர் மட்டுமே. படம் தெளிவானது, ஆட்டம் பழையதாகவே இருந்தது. எதிரிகள் எப்போது பார்த்தாலும் கைகளை உயர்த்தி அடியைத் தடுத்துக்கொண்டே நிற்பார்கள். ஓங்கி ஓங்கி அடித்தும் பலக்கோடு இறங்கவில்லை என்றால் உங்கள் கைப்பிடி பழுதில்லை. முன்னால் நின்று குத்துவதை விட்டுவிட்டுப் பிடித்துத் தூக்கி எறிந்தோ, பக்கவாட்டில் நகர்ந்து முதுகில் அடித்தோ பாருங்கள். கதையோ ஓகினாவாவில் கிரியூ அநாதைப் பிள்ளைகளை வளர்க்கும் மெதுவான தொடக்கம். எனக்கு அது மிகவும் பிடித்த பகுதி, ஆனால் வரிசையை விட்டவர்களில் பாதிப்பேர் விட்ட இடமும் அதுதான். கிவாமி 3 என்ற ரீமேக்கை 2026 பிப்ரவரி வெளியீடாக சேகா அறிவித்தது. கூடவே அந்தக் கதையின் மினே என்ற பாத்திரத்தை மையமாக வைத்துத் தனியாக ஒன்றும் சேர்ந்து வருகிறது. 3-இன் பழைய சண்டைமுறைக்காகத் தயங்குபவர்கள் அதை எடுத்துக்கொள்ளலாம். மினே பகுதியை மட்டும் முதன்மைக் கதை முடிந்த பிறகு தொடுங்கள்.

மொத்தமாகத் தள்ளுபடியில் வருகிறதே என்று முதல் நாளே எட்டு கேம்களை வாங்கிக் குவிக்க வேண்டாம். 0-வை மட்டும் வாங்குங்கள். இவை வருஷத்துக்குப் பலமுறை தள்ளுபடிக்கு வருபவை, நீங்கள் பதினேழாம் அத்தியாயத்தை முடிக்கும்போது கிவாமி எப்படியும் இன்னொரு முறை விலை குறைந்திருக்கும்.